வார் அறுவதும் அடி பிளப்பதும்

எந்த வீட்டு வாசலிலும் நைந்துபோன செருப்பு ஒரு ஜோடியாவது கிடக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். ஹவாய் செருப்பாக இருந்தால் அநேகமாக வார் அறுந்திருக்கும், அல்லது பெருவிரலுக்கு அடியில் ஓட்டைக் காசளவு குழி விழுந்திருக்கும். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் செருப்பாக இருந்தால் குழி விழுந்திருக்காது. பாதம் மடங்கும் இடத்தில் குறுக்காக ஒரு வெடிப்பு ஓடியிருக்கும், இல்லையென்றால் பட்டை அடியோடு சேரும் மூலையில் கிழிந்திருக்கும். அதே கால்தான், அதே தெருதான். ஒன்று தேய்ந்து சாகிறது, மற்றது பிளந்து சாகிறது. ஏன்?

கடைக்காரரிடம் கேட்டால் "ரப்பர்னா ரப்பர்தான் சார்" என்பார். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள, இரண்டு செருப்பும் எப்படிப் பிறக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

சிக்கலும் முடிச்சும்

ரப்பர், பிளாஸ்டிக் இரண்டுமே மிக நீளமான மூலக்கூறுகளால் ஆனவை. ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு இழை. லட்சக்கணக்கான இழைகள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சுருண்டு கிடக்கின்றன. இடியாப்பச் சிக்கல் என்று நாம் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இழைகள் பின்னிக் கிடக்கின்றனவே தவிர, ஒன்றோடொன்று கட்டப்படவில்லை. சூடுபடுத்தினால் இழைகள் வழுக்கி நகரும், பொருள் இளகி ஓடும். ஆறினால் மறுபடி இறுகும்.

ரப்பர் மரத்துப் பாலிலிருந்து எடுத்த பச்சை ரப்பரும் இப்படித்தான் இருந்தது. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதில் செய்த பொருட்களை யாரும் விரும்பவில்லை. 1839இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர், கந்தகம் கலந்த ரப்பரைச் சூடாக்கியபோது அது உருகாமல் உறுதியாவதைக் கண்டார். கந்தக அணுக்கள் ஓர் இழைக்கும் அடுத்த இழைக்கும் இடையே பாலம் போட்டுவிட்டன. இதைக் குறுக்குப் பிணைப்பு என்பார்கள். நான் இந்த அத்தியாயத்தில் முடிச்சு என்றே சொல்லப்போகிறேன். பஞ்சர் கடைப் பலகையில் 'வல்கனைசிங்' என்று எழுதியிருப்பது இந்த முடிச்சு போடும் வேலையைத்தான்.

முடிச்சு விழுந்த ரப்பரை இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். இழைகள் வழுக்கிப்போக முடியாததால்தான் அந்தத் திரும்பும் குணம். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. முடிச்சு விழுந்த ரப்பரை மறுபடி உருக்க முடியாது. சூடு ஏற்றினால் ஒரு கட்டத்தில் கருகும், அவ்வளவுதான்.

சாதாரண பிளாஸ்டிக் செருப்பு செய்யப் பயன்படும் பி.வி.சி.யில் முடிச்சே இல்லை. எத்தனை முறை வேண்டுமானாலும் உருக்கலாம். ரப்பர் செருப்பை வெட்டி எடுக்கிறார்கள், பிளாஸ்டிக் செருப்பை ஊற்றி எடுக்கிறார்கள் என்ற வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஷீட்டிலிருந்து வெட்டுவது

ஹவாய் செருப்பின் அடி, நுரைத்த ரப்பர் ஷீட். கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் விளையும் இயற்கை ரப்பர் இதற்கு ஒரு மூலப்பொருள். அதோடு விறைப்புக்காகச் செயற்கை ரெசின், பருமனுக்காகக் களிமண் பொடியும் சுண்ணாம்புப் பொடியும், முடிச்சு போடக் கந்தகம், அந்த வேலையைத் துரிதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு, நிறம், கடைசியாக நுரையூட்டி. நுரையூட்டி என்பது சூட்டில் சிதைந்து வாயுவாக மாறும் பொடி.

இவற்றையெல்லாம் இரண்டு கனத்த இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டுப் பிசைகிறார்கள். மாவு பதமாக வந்ததும் எடை போட்டு, வெள்ளையை மேலும் நீலத்தைக் கீழுமாக அடுக்கி, தட்டையான இரும்பு அச்சில் வைத்துப் பிரஸ்ஸில் அழுத்துகிறார்கள். சூடு ஏறக்குறைய 150 டிகிரி, நேரம் பத்து நிமிடத்தை ஒட்டி. உள்ளே இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கின்றன. கந்தகம் முடிச்சு போடுகிறது. நுரையூட்டி வாயுவைக் கக்குகிறது. அச்சு இறுக மூடியிருப்பதால் வாயு ரப்பருக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது.

பிரஸ்ஸைத் திறக்கும் கணம் பார்க்க வேண்டிய ஒன்று. ஷீட் அச்சிலிருந்து துள்ளிக்கொண்டு வெளியே வரும், கண்ணெதிரே நீள அகலத்தில் பெருத்துவிடும். அடைபட்ட வாயு கோடிக்கணக்கான நுண்ணிய குமிழ்களாக விரிவதால் அப்படி. நல்ல ஷீட்டின் கன அளவில் பாதிக்கும் மேல் வாயுதான். ஹவாய் செருப்பு தண்ணீரில் மிதப்பது இதனால்.

இந்த இடத்தில் அவசரப்படும் பட்டறை வாடிக்கையாளரை ஏமாற்றிவிடும். புதிதாகப் பெருத்த ஷீட் தன் அளவில் நிற்காது. குமிழ்களுக்குள் இருக்கும் சூடான வாயு ஆறும், கொஞ்சம் கசியும், ஷீட் மெல்லச் சுருங்கும். அதனால் ஷீட்டைச் சூடான அறையில் சில மணி நேரம் வைத்து, சுருங்க வேண்டியதை அங்கேயே சுருங்கவிட்டு, பிறகே வெட்ட வேண்டும். அப்படிச் செய்யாமல் வெட்டிய செருப்பு, விற்ற பிறகு நம் காலில் சுருங்கும். எட்டாம் நம்பர் வாங்கினேன், இரண்டு மாதத்தில் குதிகால் வெளியே தொங்குகிறது என்று யாராவது சொன்னால் அவருடைய கால் வளர்ந்துவிடவில்லை.

சுருங்கி நின்ற ஷீட்டின் மேல், செருப்பின் விளிம்பு வடிவத்தில் வளைத்த எஃகுக் கத்தியை வைத்துப் பிரஸ்ஸால் ஒரு தட்டு. இந்தக் கத்தியைத் தொழிலில் டை என்பார்கள். இடது, வலது, பெரியது, சின்னது என்று நெருக்கி நெருக்கி வைத்து வெட்டினாலும் நடுவே துண்டுகள் மிஞ்சும். அவற்றை உருக்கி மறுபடி ஷீட் போட முடியாது. பொடியாக அரைத்து, அடுத்த கலவையில் கொஞ்சம் நிரப்புப் பொருளாகச் சேர்க்கலாம். கொஞ்சம் என்ற சொல் முக்கியம். அதை மீறினால் ஷீட் புட்டு மாதிரி உதிரும் பதத்துக்குப் போய்விடும்.

பிறகு மூன்று துளைகள். வாரைத் தனியாகச் செய்து, அதன் மூன்று குமிழ் முனைகளையும் துளை வழியாக இழுத்து மாட்டினால் செருப்பு தயார். பசை கிடையாது, ஆணி கிடையாது, தையலும் கிடையாது.

அச்சில் ஊற்றுவது

பிளாஸ்டிக் செருப்பின் கதை சுருக்கமானது. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணீர்க் குழாய் அதே பொருள்தான். அதை மெத்தென்று ஆக்க, எண்ணெய் போன்ற ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். இதற்கு நெகிழ்வூட்டி என்று பெயர் வைத்துக்கொள்வோம். 1926இல் வால்டோ செமன் என்ற அமெரிக்க வேதியியலாளர், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது பி.வி.சி.யை இப்படி இளக்கலாம் என்று கண்டுபிடித்தார். செருப்புக்கான கலவையில் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை இந்தத் திரவமாகவே இருக்கும். நெகிழ்வூட்டி இழைகளுக்கு நடுவே புகுந்து அவற்றை விலக்கி வைக்கிறது. இழைகள் எளிதாக நழுவுகின்றன, பொருள் வளைகிறது.

இந்தக் கலவை மணிமணியாகத் தொழிற்சாலைக்கு வரும். இயந்திரத்தின் மேல்புறப் புனலில் கொட்டினால், சூடான குழாய்க்குள் சுழலும் திருகு அதை முன்னே தள்ளிக்கொண்டே உருக்கும். 160 முதல் 190 டிகிரிக்குள் கூழாகிவிடும். அந்தக் கூழை மூடிய உலோக அச்சுக்குள் பீய்ச்சி, ஆறவிட்டு, திறந்தால் அடி, பட்டை, பக்கிள் மாட்டும் காது எல்லாம் ஒரே வார்ப்பாக வந்துவிடும். ஒரு ஜோடிக்கு ஓரிரு நிமிடம். பிசிறையும் தவறாக வந்த துண்டுகளையும் நறுக்கி மறுபடி புனலில் போடலாம். வெட்டும் தொழிலில் குப்பையாகப் போவது இங்கே மூலப்பொருளாகத் திரும்புகிறது. பிளாஸ்டிக் செருப்பின் மலிவுக்கு இது ஒரு பெரிய காரணம்.

ஆனால் ஊற்றும் முறைக்கே உரிய ஒரு பலவீனம் உண்டு. கூழ் அச்சுக்குள் ஓடும்போது, பட்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளில் இரண்டாகப் பிரிந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஒன்றுசேர்கிறது. சேரும் இடத்தில் இரண்டு முனைகளும் ஓரளவு ஆறியிருந்தால் இழைகள் முழுதாகப் பின்னிக்கொள்ளாது. மயிரிழை போல ஒரு கோடு தெரியும். இணைகோடு என்று சொல்லலாம். புதுச் செருப்பின் பட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெல்ல வளைத்தால் சில நேரம் அது கண்ணில் படும். பட்டை அறுகிறது என்றால் பெரும்பாலும் அந்தக் கோட்டிலோ, அடியோடு சேரும் கூரான மூலையிலோதான் அறும்.

ஒரு வருட நடை

இப்போது ஒருவரை நடக்கவிடுவோம். நாளுக்கு 3 கிலோமீட்டர். வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம், கடை, கோயில் என்று சேர்த்தால் எளிதாக வந்துவிடும் தூரம். ஓர் எட்டுக்கு 70 சென்டிமீட்டர் என்று வைத்தால் 4,300 எட்டு. ஒவ்வொரு காலுக்கும் அதில் பாதி, ஏறக்குறைய 2,150. வருடத்துக்குக் கணக்கிட்டால் ஒவ்வொரு செருப்பும் 7,80,000 தடவை வளைந்து நிமிர்கிறது.

வளைவு, உரசல் என்று இரண்டு தாக்குதல்கள் ஒவ்வொரு எட்டிலும் நடக்கின்றன. முதலில் உரசல். குதிகால் தரையைத் தொடும்போதும் விரல் தரையை உதைத்து விடும்போதும் செருப்பு சற்றே வழுக்குகிறது. ஓர் எட்டுக்கு ஒரே ஒரு மில்லிமீட்டர் வழுக்கினாலும் நாளுக்கு 2 மீட்டருக்கு மேல் உரசல். வருடத்துக்கு 780 மீட்டர். காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பவருக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் பத்தாகிவிடும், வருடத்துக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் அரம் போட்ட கணக்கு. ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய செருப்பு அண்ணனுக்கு இரண்டு வருடமும் தம்பிக்கு ஆறு மாதமும் வருவதில் மாயம் ஒன்றும் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் தேய்மானத்தை அளக்க ஓர் எளிய முறை இருக்கிறது. 16 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத் துண்டை, உப்புத்தாள் சுற்றிய உருளையின் மேல் ஒரு கிலோ எடைக்குச் சமமான விசையில் அழுத்தி, 40 மீட்டர் தூரம் உரசவிடுவார்கள். பிறகு எவ்வளவு பொருள் காணாமல் போயிற்று என்று பார்ப்பார்கள். தொழிற்சாலைப் பாதுகாப்புக் காலணிகளுக்கான பன்னாட்டுத் தரத்தில் ரப்பர், பிளாஸ்டிக் அடிகளுக்கு இரண்டு வரம்புகள் உள்ளன. கனத்த, நுரைக்காத பொருள் என்றால் 150 கன மில்லிமீட்டருக்கு மேல் தேயக்கூடாது. இலேசான நுரைப் பொருள் என்றால் 250 வரை பரவாயில்லை. நுரைக்கு ஏன் இந்தச் சலுகை? நுரையில் பாதிக்கு மேல் காற்று. அதே அளவு பொருளை உரசி எடுத்தால், நுரையில் அதிகப் பருமன் குறையும். தரம் எழுதியவர்கள் அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே உரசலில் மட்டும் பார்த்தால் ஹவாய் அடி, ஒரே பருமனுள்ள கெட்டி பி.வி.சி. அடியிடம் தோற்கும். கடைக்காரர் சொன்னதற்கு நேர்மாறு. ரப்பர் என்ற பொருள் தேய்மானத்தைத் தாங்குவதில் கெட்டிக்காரன்தான். ஆனால் ஹவாயில் இருப்பது ரப்பரும் களிமண்ணும் காற்றும். பெருவிரல் குழிக்குக் காரணம் அதுதான். அந்த இழப்பைத் தன் பருமனால் ஈடுகட்டுகிறது ஹவாய். அதன் குதிப்பகுதி ஒன்றரை சென்டிமீட்டரைத் தொடும். கெட்டி பி.வி.சி.யில் அவ்வளவு பருமன் வைத்தால் காலில் செங்கல் கட்டிக்கொண்ட மாதிரி கனக்கும் என்பதால், அடியை மெல்லிதாக வைத்துக் கீழே வரிவரியாகப் பள்ளம் விடுகிறார்கள்.

இரண்டாவது தாக்குதலான வளைவில் ஆட்டம் மாறுகிறது. நுரை ரப்பர் மெத்தென்று வளையும், முடிச்சுகள் அதைத் திரும்ப நிமிர்த்திவிடும். அதோடு ஹவாயின் குதிகால் பகுதி காலோடு கட்டப்படாமல் தொங்குகிறது. அதனால் அடி முழுதாக மடங்க வேண்டிய கட்டாயமே இல்லை. பட்டை போட்ட பிளாஸ்டிக் செருப்பு காலோடு ஒட்டியே வளைந்தாக வேண்டும். வளைவு முழுவதும் அந்த வரிப்பள்ளங்களின் அடியில்தான் குவியும், ஏனென்றால் அங்கேதான் அடி மிக மெல்லிது. ஏதோ ஒரு நாள் ஒரு பள்ளத்தின் அடியில் சின்னக் கீறல் விழும். அதன் பிறகு மிச்சமுள்ள லட்சம் வளைவுகளும் அந்தக் கீறலைத்தான் அகலமாக்கும். குறுக்கு வெடிப்பு எப்போதும் ஒரே நேர்கோட்டில் ஓடுவதன் காரணம் இது.

துளை செய்யும் துரோகம்

ஹவாய் அடி தேய்ந்து முடிவதற்கு முன்பே பெரும்பாலும் வார் போய்விடுகிறது. மூன்று துளைகளில் முன்துளைக்குத்தான் வேலை அதிகம். ஒவ்வொரு முறை காலைத் தூக்கும்போதும் விரலிடுக்கு அந்தத் தண்டை மேலே இழுக்கிறது. கீழே குமிழ், துளை விளிம்பை அழுத்துகிறது. நுரை மெல்ல அமுங்கி, துளை அகன்று, ஒரு நாள் குமிழ் புளுக்கென்று மேலே வந்துவிடும். சேற்றில் நடந்தால் இது சீக்கிரம் நடக்கும். சேறு அடியைப் பிடித்துக்கொள்ள, கால் வாரைப் பிடித்து இழுக்க, நடுவில் அகப்படுவது அந்தக் குமிழ். வயல் வேலைக்குப் போகிறவர்கள் ஹவாயை வரப்பிலேயே விட்டுவிடுவதற்கு அனுபவம்தான் காரணம்.

கீழே குமிழுக்குமேல் குறுக்காக ஓர் ஊக்கைக் குத்திவைக்கும் வைத்தியம் நம் எல்லோருக்கும் தெரியும். பொறியியலில் சொன்னால், சிறிய குமிழ் தாங்கிய விசையை ஒரு நீளக் கம்பி பரவலாகத் தாங்குகிறது. நல்ல யோசனை. ஆனால் ஊக்கின் கூர்மையான கம்பி நுரையை அறுத்துக்கொண்டே போகும் என்பதால் அது வீடு வந்து சேரும் வரைக்கான வைத்தியம். வாரே அறுந்திருந்தால் புது வார் மாட்டலாம். அடி நல்ல ரப்பராக இருந்தால் ஓர் அடி இரண்டு மூன்று வார்களைப் பார்த்துவிடும். வெட்டிச் செய்யும் செருப்பின் பெரிய பலம் இந்த மாற்றும் வசதி. ஒரே வார்ப்பாக வரும் செருப்புக்கு அது கிடையாது.

வாரிலும் இரண்டு வகை. நல்லது ரப்பர், மலிவானது பி.வி.சி. சந்தேகம் இருந்தால் ஊசி முனையைச் சூடாக்கி வாரின் அடிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். பி.வி.சி. என்றால் ஊசி இளகிய வெண்ணெயில் போல் இறங்கும், ரப்பர் என்றால் இறங்காது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், பி.வி.சி. புகை நல்லதல்ல.

போடாமலே கெடுவது

வாசலில் சும்மா கிடந்தாலும் இரண்டும் முதுமை அடையும், ஆனால் வேறு வேறு வழியில்.

பி.வி.சி.யில் கலந்த நெகிழ்வூட்டி எங்கும் கட்டப்படவில்லை, இழைகளுக்கு நடுவே சும்மா இருக்கிறது. வெயில் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக மேற்பரப்புக்கு வந்து வெளியேறும். சமையல் எண்ணெய், வண்டி ஆயில், காலில் தடவும் எண்ணெய் எல்லாம் அதை உறிஞ்சி எடுக்கும். நெகிழ்வூட்டி போகப் போகச் செருப்பு தன் பழைய குணத்துக்கு, அதாவது தண்ணீர்க் குழாயின் குணத்துக்குத் திரும்புகிறது. விறைத்த அடியை வளைத்தால் வெடிப்பு சீக்கிரம் வரும். கட்டை விரலால் பட்டையை மடக்கிப் பாருங்கள். மடித்த இடம் வெளுத்து, விட்ட பிறகும் வெளுப்பு மறையாவிட்டால் அந்தச் செருப்புக்கு நாள் எண்ணப்படுகிறது.

ரப்பரின் எதிரி காற்று. அதன் இழைகளில் எளிதில் தாக்கக்கூடிய இடங்கள் வரிசையாக இருக்கின்றன. ஆக்சிஜனும், காற்றில் மிகச் சிறிதளவே இருக்கும் ஓசோனும் அங்கே புகுந்து இழையை அறுக்கும். இழுவிசையில் இருக்கும் ரப்பரை ஓசோன் இன்னும் வேகமாகத் தாக்கும். வாரின் வளைவுகளில், இழுக்கும் திசைக்குக் குறுக்காக மெல்லிய கீறல்கள் தோன்றுவது அதன் கைவேலை. மண்ணெண்ணெய், பெட்ரோல், கிரீஸ் பட்டால் ரப்பர் ஊதிப் பலமிழக்கும். ஒர்க்ஷாப்பில் நிற்பவருக்கு ஹவாய் உதவாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள இடத்தில் நெகிழ்வூட்டியை இழந்தாலும் பி.வி.சி.தான் அதிக நாள் நிற்கும்.

நெருப்பில் ஒட்டும் செருப்பு

முடிச்சில்லாத பிளாஸ்டிக்குக்கு ரப்பரால் முடியாத ஒன்று முடியும், அதைப் போர்க்களத்தில் பயன்படுத்தியவர்கள் எரித்திரிய விடுதலைப் போராளிகள். எத்தியோப்பியாவிடமிருந்து விடுதலை கேட்டு 1961இல் தொடங்கிய போர் 1991 வரை நீண்டது. மலையும் பாறையுமான நிலம், தோல் பூட்ஸுக்கு வழியில்லை. போராளிகள் அணிந்தது ஒரே வார்ப்பில் வந்த கறுப்பு பிளாஸ்டிக் செருப்பு. பெயர் ஷிதா. வடக்கே சாகேல் மலைப்பகுதியில், விமானக் குண்டுவீச்சுக்கு மறைவாக அமைத்த பட்டறைகளில் அதைத் தாங்களே வார்த்துக்கொண்டார்கள்.

பட்டை அறுந்தால் போராளி செய்தது இதுதான்: இரு முனைகளையும் தீயில் காட்டி, இளகியதும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்தார். ஆறியதும் இழைகள் மறுபடி பின்னிக்கொண்டன, செருப்பு நடக்கத் தயார். நம்மூரில் ஓட்டை விழுந்த பிளாஸ்டிக் குடத்தைச் சூடான இரும்பால் இழைத்து அடைப்பவர் செய்வதும் இதே வேலைதான். எரித்திரியாவின் தலைநகர் அஸ்மாராவில் இப்போது அந்தச் செருப்புக்கு ஒரு நினைவுச்சின்னமே இருக்கிறது, ஒரு பெரிய ஜோடிச் செருப்பாக.

ஒட்டுப்போட்ட இடம் பழைய பலத்துக்கு வராது என்பதையும் சொல்ல வேண்டும். சூடு அதிகமானால் பி.வி.சி. சிதையும், ஆகவே ஒரே இடத்தில் பலமுறை ஒட்டினால் அங்கே கறுத்து உடையும். தொழிற்சாலையிலும் இதே வரம்பு உண்டு. பழைய பிளாஸ்டிக்கை மட்டுமே திரும்பத் திரும்ப உருக்கி வார்த்த செருப்பு, புதுப்பொருளில் செய்ததைவிடச் சீக்கிரம் உடையும். மங்கலான கறுப்பிலோ பழுப்பிலோ, காட்டமான வாசனையோடு, சந்தையில் குவித்துப்போட்டு விற்பது பெரும்பாலும் அந்த வகை. கறுப்பு நிறம் எல்லாக் கலப்பையும் மறைத்துவிடும்.

இடையில் புகுந்த மூன்றாவது ஆள்

அண்மைக் காலத்தில் கடைகளை நிறைக்கும் இலேசான, மொத்தையான, வண்ண வண்ணச் செருப்புகளை எதில் சேர்ப்பது? அவற்றின் பெயர் இ.வி.ஏ. அச்சில் ஊற்றித்தான் செய்கிறார்கள், ஆனால் ஊற்றிய பிறகு அச்சுக்குள்ளேயே முடிச்சும் போட்டு நுரைக்கவும் வைக்கிறார்கள். அச்சைத் திறந்ததும் இதுவும் ரப்பர் ஷீட்டைப் போலவே துள்ளிப் பெருக்கும். ஆகவே வார்த்த செருப்பின் வசதியும் நுரையின் இலேசும் ஒரே இடத்தில். இணைகோடு, பட்டை அறுதல் போன்ற தொல்லைகள் குறைவு.

அதன் சாவு வேறு விதம். அழுத்திய நுரை முழுதாக எழும்பாமல் அமுங்கிவிடும். சில மாதத்தில் உங்கள் பாதத்தின் அச்சு அப்படியே பதிந்திருக்கும், குதிகால் இடத்தில் மெத்தென்ற குணம் போயிருக்கும். அதோடு சூட்டுக்கு அது ஆகாது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் 60 டிகிரியைத் தாண்டும், அங்கே விட்டுவைத்த இ.வி.ஏ. செருப்பு ஒரு நம்பர் சின்னதாகிவிடக்கூடும். ரப்பர் ஹவாய்க்கு அந்தப் பயம் மிகக் குறைவு.

எது அதிக நாள் வரும்?

வெட்டிய ரப்பர் என்றால் ஹவாய் மட்டும்தானா? நம் கிராமங்களில் வேறொன்றும் இருந்தது, டயர் செருப்பு. லாரி டயரின் மேல்பகுதியைச் செதுக்கி, தண்ணீர் தொட்ட கத்தியால் பாத வடிவில் அறுத்து, டயர்த் துண்டாலோ தோலாலோ பட்டை வைத்து ஆணி அடித்த செருப்பு. பிரெஞ்சுக்காரர்களோடும் பிறகு அமெரிக்கர்களோடும் போரிட்ட வியட்நாமியர்களும் இதைத்தான் அணிந்தார்கள். அவர்கள் ஆணி அடிக்கவில்லை. அடியில் குறுகலான கீறல்கள் போட்டு, டியூபில் வெட்டிய பட்டையை இறுக்கமாக உள்ளே இழுத்துவிட்டார்கள். ரப்பரே ரப்பரைக் கவ்விக்கொண்டது.

டயரில் காற்றுக் குமிழ் கிடையாது. களிமண்ணுக்குப் பதிலாகக் கரித்தூள், அது தேய்மானத்தையும் வெயிலையும் தடுக்கும். ஓசோனைத் தடுக்கும் மருந்தும் சேர்த்திருப்பார்கள். உள்ளே நைலான் நூல் அடுக்குகள் இருப்பதால் கிழியாது, துளை அகலாது. டன் கணக்கில் சரக்கை ஏற்றிக்கொண்டு பல்லாயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்காகச் செய்த பொருளுக்கு ஓர் ஆளின் எடை பொருட்டே இல்லை. ஆகவே நீடிப்பில் மட்டும் போட்டி என்றால் டயர் செருப்புக்கு எதிரே யாரும் நிற்க முடியாது. கனமும் காலை உறுத்துவதும்தான் அதன் குறை.

டயரை ஒதுக்கிவிட்டுக் கடையில் கிடைப்பதை மட்டும் ஒப்பிட்டால் என் கணக்கு இப்படி வருகிறது. காய்ந்த தெருவில் நடப்பவருக்கு, வார் மாற்றத் தயங்காதவருக்கு, நல்ல ரப்பரில் வெட்டிய ஹவாய்தான் அதிக நாள் வரும். எண்ணெய், சேறு, நாள் முழுக்க ஈரம் என்று உழல்பவருக்குப் புதுப்பொருளில் வார்த்த கெட்டி பி.வி.சி. நல்லது, ஆனால் அதை வெயிலில் காயப்போடக்கூடாது. மலிவு ஹவாயும் மலிவு பி.வி.சி.யும் மோதினால் நான் பி.வி.சி. பக்கம். ஏனென்றால் களிமண் அதிகமாகச் சேர்த்த ஹவாயை அடியும் காப்பாற்றாது, வாரும் காப்பாற்றாது. அதைக் கண்டுபிடிக்க அடியை இரண்டாக மடித்து, மடிப்பில் நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தாலோ, மடிப்பில் கோடு நின்றாலோ வேண்டாம். கையில் தூக்கும்போது பார்ப்பதைவிடக் கனமாகத் தோன்றினாலும் அது மண்ணின் கனம்தான்.

டயர் செருப்பு வேண்டும் என்று இப்போது கிளம்புபவருக்கு ஒரு தகவல். பழைய லாரி டயர்களில் நைலான் நூல்தான் இருந்தது, கத்திக்கு இணங்கியது. இப்போது லாரிகளும் பேருந்துகளும் பெரும்பாலும் ரேடியல் டயருக்கு மாறிவிட்டன. அதன் மேல்பகுதிக்குள் எஃகுக் கம்பி அடுக்கு ஓடுகிறது. வெட்டினால் கத்தி மழுங்கும், விளிம்பில் கம்பி நீட்டிக்கொண்டு காலைக் குத்தும். நைலான் டயர் எங்கே கிடைக்கும் என்று, இன்னும் இந்தத் தொழிலை விடாமல் செய்பவரிடம்தான் விசாரிக்க வேண்டும்.